ஒரே காட்சிக்குள் மாறும் மனசு: லென்ஸையும் கேமரா நகர்வையும் எப்படி முடிவு செய்வது

குறும்படம் எடுக்க ஏற்காடு ஏறி வருகிற புதியவர்கள் பலரிடம் இரண்டு பொருள் கட்டாயம் இருக்கும்: ஒரு 85 எம்எம் லென்ஸ், கேமரா ஆடாமல் தாங்கும் ஒரு கிம்பல். அழுகைக் கட்டம் வந்தால் 85 எம்எம் போட்டு முகத்தை நிரப்புவார்கள். மற்ற நேரமெல்லாம் கிம்பலில் சுற்றி வருவார்கள். படம் பார்க்க அழகாகவே இருக்கும். ஆனால் காட்சியின் தொடக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்த ஆள் முடிவில் வேறு ஆளாகிவிட்டார் என்பது வசனத்தைக் கேட்டால்தான் புரியும். சத்தத்தை நிறுத்திவிட்டால் ஒன்றும் தெரியாது.

அதைச் சரிசெய்ய என்ன செய்யலாம் என்பதை ஒரே ஒரு காட்சியை வைத்துப் படிப்படியாகச் சொல்கிறேன். கேமரா எதுவாகவும் இருக்கலாம். இங்கே வரும் எண்கள் முழு ஃப்ரேம் சென்சாருக்கும் 16:9 படத்துக்கும் பொருந்தும். உங்களுடையது அதைவிடச் சின்ன சென்சார் உள்ள ஏபிஎஸ்-சி கேமரா என்றால் லென்ஸ் எண்ணை ஒன்றரையால் வகுத்துக்கொள்ளுங்கள். நான் 50 என்று சொல்லும் இடத்தில் உங்களுக்கு 35 பொருந்தும், 35 என்றால் 24, 24 என்றால் 16.

காட்சி

நாகலூர்ப் பக்கம் சின்னதாகக் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் ஒரு வீடு. மாதம் டிசம்பர், பழம் பறிக்கும் நேரம். வீட்டுக்கு முன்னால் சிமென்ட் களம், அதில் காப்பிப் பழம் காய்கிறது. களத்தைத் தாண்டினால் மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள், அவற்றின் நிழலில் காப்பிச் செடிகள். அதைத்தான் வீட்டில் கீழக்காடு என்கிறார்கள். வசந்தா ஐம்பதைத் தாண்டியவர். கணவர் இறந்த பிறகு கீழக்காடு மகன் பிரபுவின் பெயரில் இருக்கிறது. சேலத்தில் வேலை பார்க்கும் அவன் காலை பஸ்ஸில் வந்து திண்ணையில் உட்காருகிறான்.

"வாடா கண்ணு. இரு, காப்பி கொண்டாறேன்."

"ஆளு கிடைக்கலன்னு சொன்னியேம்மா."

"அதான் நீ வந்துட்டியே. ரெண்டு நாள் இருந்தீன்னா கீழக்காடு முடிஞ்சிரும்."

அவன் பதில் சொல்லவில்லை.

"என்னடா?"

"கீழக்காட்டை ஒருத்தர் வந்து பாத்துட்டுப் போனாரும்மா."

"யாரு?"

"சேலத்துக்காரர். ரிசார்ட் கட்டறவரு."

"பாத்தா பாத்துட்டுப் போறாரு."

"அட்வான்ஸ் வாங்கிட்டேம்மா."

வசந்தா அப்படியே நிற்கிறார். கொஞ்ச நேரம் கழித்து, "திருப்பிக் குடுத்துரு" என்கிறார். களத்தில் கிடக்கும் பலகையை எடுத்துப் பழத்தைக் கிளறப் போகிறார்.

அவ்வளவுதான் காட்சி. படத்தில் இரண்டு நிமிடம் வரும்.

முதலில் திருப்பங்களைக் குறியுங்கள்

லென்ஸ் பையைத் திறக்காதீர்கள். வசனத் தாளை எடுத்துக்கொண்டு, வசந்தாவின் மனசு எங்கெங்கே திரும்புகிறது என்று பென்சிலால் கோடு போடுங்கள். 'மகிழ்ச்சி', 'சோகம்' என்று உணர்ச்சியின் பெயரை எழுதினால் பயன் குறைவு. அந்த நொடியில் அவருக்கு என்ன வேண்டும் என்று எழுதினால் கேமராவுக்கு உடனே வேலை கிடைக்கும்.

தொடக்கத்தில் மகனை உட்காரவைத்து ஏதாவது கொடுக்க வேண்டும் அவருக்கு. அவன் பதில் சொல்லாமல் இருந்ததும் அவன் முகத்தில் இருப்பதைப் படித்தாக வேண்டும். அட்வான்ஸ் என்ற சொல் விழுந்த பிறகு எதுவுமே வேண்டாம், நின்றுபோகிறார். கடைசியில் காயும் பழத்தைக் காப்பாற்ற வேண்டும். ஆக நான்கு நிலை, மூன்று திருப்பம்.

இதில் கவனமாகப் பார்க்க வேண்டியது, திருப்பம் வசனத்தின் மேல் உட்காருவதில்லை. முதல் திருப்பம் மகனின் மௌனத்தில் இருக்கிறது. இரண்டாவது, 'அட்வான்ஸ்' என்ற சொல் காதில் விழுந்து ஒரு மூச்சு கழித்து வருகிறது, ஏனென்றால் மனிதருக்குச் செய்தி புரிய அந்த ஒரு மூச்சு தேவை. மூன்றாவது, "திருப்பிக் குடுத்துரு" என்று சொல்வதற்கு முன்னால் அவர் கண் களத்துப் பக்கம் போகிறதே, அங்கே இருக்கிறது. முடிவு அங்கேயே எடுத்தாயிற்று, வாய் அதைப் பின்னால் சொல்கிறது. கோட்டை வசனத்தின் மேல் போட்டால் கேமரா எப்போதும் அரை நொடி தவறிய இடத்தில் மாறிக்கொண்டே இருக்கும்.

மூன்று திருப்பம் என்றால் கேமராவும் மூன்று முறைதான் மாற வேண்டும். நடுவில் சும்மா இருக்கிறதே என்று ஒரு நகர்வைச் சேர்த்தால், பார்ப்பவர் அங்கே நான்காவதாக ஏதோ நடந்தது என்று தேட ஆரம்பித்துவிடுவார்.

அப்புறம் தூரம், அதற்குப் பிறகுதான் லென்ஸ்

வைட் லென்ஸ் முகத்தை நீட்டும், டெலி லென்ஸ் பின்னணியை அருகே இழுக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் இரண்டையும் செய்வது லென்ஸ் இல்லை, கேமரா நிற்கும் தூரம். லென்ஸ், அந்தத் தூரத்திலிருந்து எவ்வளவு பரப்பை வெட்டி எடுக்கிறோம் என்பதை மட்டும் முடிவு செய்கிறது. இது கையில் பிடிபட்டுவிட்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

நேரிலேயே பார்த்துவிடலாம். ஒருவரைக் களத்தில் நிறுத்தி, முகமும் தோளும் ஃப்ரேமை நிரப்பும்படி, அதாவது ஃப்ரேமின் உயரத்துக்குள் அரை மீட்டர் அடங்கும்படி வையுங்கள். 24 எம்எம் என்றால் நீங்கள் ஏறத்தாழ 60 செ.மீ. தூரத்தில் நிற்க வேண்டிவரும். 50 எம்எம் என்றால் ஒண்ணே கால் மீட்டர். 85 எம்எம் என்றால் இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். மூன்றிலும் முகம் ஒரே அளவுதான். இப்போது பின்னால் 20 மீட்டரில் நிற்கும் சில்வர் ஓக்கைப் பாருங்கள். 24-இல் அந்தத் தூரத்தில் கிட்டத்தட்ட 17 மீட்டர் உயரம் ஃப்ரேமுக்குள் வரும். மரம் மரமாக, பக்கத்து மரங்களோடு, தோட்டமாகத் தெரியும். 85-இல் ஏறத்தாழ ஐந்து மீட்டர்தான் வரும். ஒரு துண்டு அடிமரம், அதுவும் கலங்கலாக.

ஆகவே லென்ஸைத் தேர்ந்தெடுக்கும்போது நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான்: இந்த நொடியில் இந்த ஆளைச் சுற்றியுள்ள உலகம் எவ்வளவு தெரிய வேண்டும்? அதற்கு விடை தெரிந்தால் தூரம் வந்துவிடும், தூரம் தெரிந்தால் லென்ஸ் தானாக வந்துவிடும்.

முதல் நிலை: 35 எம்எம், கூடவே நடக்கும் கேமரா

வசந்தா களத்துக்கும் அடுப்படிக்கும் திண்ணைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறார். 35 எம்எம்மில் மூன்று மீட்டர் தள்ளி நின்றால் முழு ஆள் ஏறத்தாழ அடங்குவார், பக்கத்தில் மகனுக்கும் இடம் இருக்கும். இருவரும் ஒரே ஃப்ரேமில் இருப்பது இங்கே முக்கியம், ஏனென்றால் இப்போதைக்கு இருவரும் ஒரே பக்கம் என்றுதான் அந்த அம்மா நம்புகிறார்.

கேமரா அவரோடு நகரட்டும். கிம்பலுக்கு இந்தக் காட்சியில் இதுதான் இடம். அவர் திரும்பினால் திரும்புங்கள், நின்றால் நில்லுங்கள். அவருக்கு முன்னால் கேமரா போய்விடக் கூடாது. கேமரா முந்திப் போனால், இவர் எங்கே போகப்போகிறார் என்று முன்கூட்டியே தெரிந்த ஒருவர் பார்ப்பது போல் ஆகிவிடும். அரை எட்டு பின்தங்கினால் அவருடைய அவசரம் படத்திலும் வரும். இந்த நிலைக்கு இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை.

இரண்டாம் நிலை: 50 எம்எம், மெல்ல நெருங்குவது

மகன் பதில் சொல்லவில்லை. வசந்தா களத்து ஓரத்தில், திண்ணையைப் பார்த்தபடி நின்றுவிடுகிறார். கேமராவைத் திண்ணைப் பக்கம் வைத்து அவரைப் பாருங்கள், பின்னால் கீழக்காடு. 50 எம்எம், 2.2 மீட்டர் தூரம். இடுப்புக்கு மேல் தெரியும்.

இங்கிருந்து 1.4 மீட்டர் வரை கேமரா நெருங்க வேண்டும். வசனத்தை ரிகர்சலில் ஓடவிட்டு நேரம் பாருங்கள். "என்னடா?"வுக்கு முந்திய மௌனத்திலிருந்து 'அட்வான்ஸ்' வரைக்கும் 25 நொடி வருகிறது என்று வையுங்கள். 80 செ.மீ.யை 25 நொடியில் கடக்க வேண்டும் என்றால் நொடிக்கு மூன்று செ.மீ.தான். நகர்வது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் முகம் வளர்ந்துகொண்டே வரும்.

புதியவர்கள் தவறுவது வேகத்தில் இல்லை, தொடங்கும் இடத்தில். பலரும் 'அட்வான்ஸ்' என்ற சொல்லுக்குத்தான் கேமராவைத் தள்ளத் தொடங்குவார்கள். அப்படிச் செய்தால் "பார், முக்கியமான செய்தி வந்துவிட்டது" என்று கேமரா கை நீட்டிக் காட்டுகிறது. இந்த நெருக்கம் வசந்தாவின் சந்தேகத்துக்கு உரியது. ஆகவே சந்தேகம் பிறக்கும் மௌனத்திலேயே தொடங்கி, செய்தி வந்ததும் நின்றுவிட வேண்டும். தொடக்கத்திலும் முடிவிலும் சடக்கென்று இல்லாமல் மெதுவாக ஏறி மெதுவாக அடங்கட்டும்.

ட்ராலிக்குப் பதில் ஜூம் பண்ணிவிடலாமே என்று கேட்பார்கள். ஜூம் செய்தால் முகமும் பின்னால் உள்ள மரமும் ஒரே அளவில் பெரிதாகும். கேமராவையே தள்ளினால் முகம் ஒன்றரை மடங்குக்கு மேல் வளரும், 20 மீட்டர் தள்ளி இருக்கும் மரம் அப்படியே இருக்கும். முதலாவது, நின்ற இடத்திலிருந்து உற்றுப் பார்ப்பது. இரண்டாவது, அந்த ஆளிடம் போவது. வசந்தாவின் மனசுக்குள் போகிற இடம் இது என்பதால் இங்கே தள்ளத்தான் வேண்டும். இதே வசனத்தை, அந்த அம்மாவைத் தூரத்திலிருந்து நோட்டம் விடும் ரிசார்ட்காரர் கண்ணால் காட்ட வேண்டியிருந்தால் ஜூம் சரியாக இருக்கும்.

தண்டவாளம் வாடகைக்கு எடுக்க முடியவில்லை என்றால் ஒரு மீட்டர் ஸ்லைடர் போதும். அதுவும் இல்லையென்றால் சக்கர நாற்காலி. ஆனால் காப்பிக் களத்தின் சிமென்ட் துண்டு துண்டாக ஊற்றியதாக இருக்கும், இணைப்புக் கோட்டில் சக்கரம் ஏறினால் ஃப்ரேம் துள்ளும். நகர்வு முழுவதும் ஒரே பாளத்துக்குள் அடங்கும்படி இடம் பாருங்கள், இல்லாவிட்டால் ப்ளைவுட் பலகை போட்டுக்கொள்ளுங்கள்.

ஃபோகஸ்தான் இங்கே நிஜமான சிரமம். லென்ஸ் துளையை எஃப் 4-இல் வைத்தால், 2.2 மீட்டரில் தெளிவாக இருக்கும் ஆழம் ஏறத்தாழ 45 செ.மீ. 1.4 மீட்டருக்கு வந்ததும் அது இருபதுக்கும் கீழே இறங்கிவிடும். நகர்வின் முடிவில், நடிப்பு உச்சத்தில் இருக்கும்போது, ஃபோகஸ் மிகக் குறுகலாக இருக்கிறது. எஃப் 1.8 போட்டு இதை எடுக்க ஆசைப்படாதீர்கள். தரையில் 20 செ.மீ.க்கு ஒரு டேப் துண்டு ஒட்டி, ஃபோகஸ் வளையத்திலும் அதற்கேற்பக் குறி வைத்து, ஒருவர் அதை மட்டுமே பார்க்கட்டும். நடிப்பவரின் காலடிக்கும் ஒரு குறி வேண்டும். அவர் ஒரு பாதம் முன்னால் வைத்தாலும் டேக் போய்விடும்.

மூன்றாம் நிலை: எல்லோரும் 85 போடும் இடம்

செய்தி விழுந்துவிட்டது. இங்கே கை 85 எம்எம்முக்குத்தான் போகும். முகம் மட்டும் கூர்மையாக, பின்னால் எல்லாம் கரைந்துபோய், தனித்து நிற்கும் அம்மா. யோசித்துப் பாருங்கள், வசந்தா இழப்பது எதை? பின்னால் இருக்கும் அந்தத் தோட்டத்தை. 85-ஐ எஃப் 2-இல் போட்டால் அதைத்தான் முதலில் அழித்துவிடுகிறீர்கள். எதை இழந்தார் என்பது தெரியாமல் இழந்த முகம் மட்டும் மிஞ்சும்.

ஆகவே இங்கே 24 எம்எம் என்பேன். எஃப் 8 வரை மூடிக்கொள்ளுங்கள். தோட்டம் முழுக் கூர்மையாக இருக்காது, ஆனால் மரம் மரமாகத் தெரியும்.

தூரத்தை எப்படிக் கணக்கிடுவது? 50 எம்எம் நகர்வு முடிந்த இடம் 1.4 மீட்டர். அதை 24-ஆல் பெருக்கி 50-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 67 செ.மீ. அங்கே கேமராவை வைத்தால் முகம் முந்திய ஷாட்டின் கடைசி ஃப்ரேமில் இருந்த அதே அளவில் வரும். மானிட்டரில் முந்திய ஃப்ரேமை மேலே போட்டுக் கண் எதிரே கண் வரும்படி சரிசெய்யுங்கள். வெட்டும்போது முகம் அசையாது. அதைச் சுற்றியிருக்கும் உலகம் மட்டும் ஒரே நொடியில் விரிந்து விலகிப்போகும். அருகில் கலங்கலாக இருந்த மரங்கள் திடீரென்று தூரமாகவும் சின்னதாகவும் நிற்கும். காலடி நிலம் விலகுவது என்று சொல்வோமே, அதை நடிப்பவர் ஒரு விரலைக்கூட அசைக்காமல் இந்த ஒரு வெட்டு செய்துவிடுகிறது.

வெட்டு 'அட்வான்ஸ்' என்ற சொல்லின் மேல் வேண்டாம். முன்பு குறித்த அந்த ஒரு மூச்சு முடிந்ததும் வெட்டுங்கள். கேமரா அசையவே கூடாது. இதுவரை கேமரா அவரோடு நடந்தது, நெருங்கியது, இப்போது நின்றுவிட்டது என்பதுதான் விஷயம்.

இவ்வளவு கிட்டத்தில் எடுப்பதில் தொல்லைகள் உண்டு. லென்ஸின் முன்பக்கம் முகத்திலிருந்து அரை மீட்டர்தான் இருக்கும், கேமராவின் நிழலே முகத்தில் விழும். வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் இந்த ஷாட் எடுக்க முடியாது, பக்கவாட்டு வெளிச்சம் வரும் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். முகம் ஃப்ரேமின் நடுப்பக்கமாகவும் லென்ஸ் கண் உயரத்திலும் இருக்கட்டும். ஓரத்துக்குப் போனால் முகம் இழுபடும், தாழ்வாக வைத்தால் தாடை பெருக்கும், இரண்டுமே கேலிச்சித்திரம் மாதிரி ஆகிவிடும். மூக்கு அதிகமாகத் துருத்துகிறது என்று தோன்றினால் 28-க்கு மாறி 80 செ.மீ. பக்கம் தள்ளிப் போங்கள். அப்புறம், கேமரா இவ்வளவு கிட்டே இருந்தால் மகனாக நடிப்பவர் மறைந்துபோவார். அவரை லென்ஸுக்கு ஒட்டி உட்காரவைத்து வசனம் சொல்லச் சொல்லுங்கள். வெறும் குச்சியைப் பார்த்து நடிக்கச் சொன்னால் கண்ணில் அது தெரிந்துவிடும்.

85 எம்எம் எப்போதும் தவறு என்று நான் சொல்லவில்லை. கதையைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். நிலம் போவதில் வசந்தாவுக்குப் பெரிய வருத்தமில்லை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்பதுதான் காயம் என்றால், பின்னணி கரைந்துபோவதே பொருத்தம். அப்போது அவருக்குத் தோட்டமும் இல்லை வீடும் இல்லை, அந்தச் சொல் மட்டும்தான் இருக்கிறது. இரண்டு மீட்டர் தள்ளி 85 போடுங்கள். வசனம் ஒன்றுதான், காயம் எது என்பதைப் பொறுத்து லென்ஸ் மாறுகிறது. இதை இயக்குநரும் ஒளிப்பதிவாளரும் முந்தைய நாளே பேசி முடித்திருக்க வேண்டும். நடிப்பவரையும் அந்தப் பேச்சில் உட்காரவையுங்கள். பெரும்பாலும் சரியான விடை அவரிடமிருந்துதான் வரும்.

நான்காம் நிலை: மறுபடி 35, ஆனால் கேமரா நகராது

கண் களத்துப் பக்கம் போகிறது. "திருப்பிக் குடுத்துரு." பலகையை எடுத்துக்கொண்டு நடக்கிறார். தொடக்கத்தில் நின்ற அதே இடம், அதே 35 எம்எம், அதே உயரம். இந்த முறை கேமரா பின்னால் போகாது. அவர் ஃப்ரேமுக்குள்ளேயே சின்னதாகிக்கொண்டு போகட்டும். மகன் ஓரத்தில் உட்கார்ந்திருக்கட்டும். முதலில் அவரோடு ஓடிய கேமரா இப்போது அவனோடு உட்கார்ந்துவிட்டது. அந்த அம்மாவின் பின்னால் போக இனி யாருக்கும் உரிமையில்லை என்பது அதிலேயே வந்துவிடும். இது வேலை செய்ய வேண்டுமானால் முதல் நிலையின் கேமரா இடத்தைத் தரையில் டேப்பால் குறித்து, லென்ஸ் உயரத்தையும் எழுதி வைத்திருக்க வேண்டும். கைவாக்கில் வைத்தால் பார்ப்பவருக்கு அதே இடம் என்று உறைக்காது.

மகனின் பக்கம்

பிரபுவின் எதிர் ஷாட்டுகளை எல்லாம் 50 எம்எம்மில், இரண்டு மீட்டரில், நிலையாக எடுங்கள். காட்சி முழுக்க மாற்றாதீர்கள். அவனுக்கும் உள்ளே ஏதோ நடக்கிறது, உண்மைதான். ஆனால் அவன் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டு வந்தவன். இருவருக்கும் ஒரே நேரத்தில் லென்ஸ் மாறினால் இது யாருடைய காட்சி என்பது கலைந்துபோகும். ஒருவர் மாறாமல் இருக்கும்போதுதான் மற்றவர் மாறுவது தெரியும்.

மூடுபனியும் எடுக்கும் வரிசையும்

ஏற்காட்டில் படமெடுக்கிறவர்களுக்கு இது தனிப் பாடம். மூடுபனி இறங்கினால் பத்து நிமிடத்தில் பின்னால் உள்ள தோட்டம் வெள்ளைத் துணியாகிவிடும். பனி கேமராவுக்கும் பொருளுக்கும் நடுவே உள்ள தூரத்தைப் பொறுத்துச் சேர்கிறது. அரை மீட்டரில் இருக்கும் முகத்தை அது தொடாது, 20 மீட்டரில் இருக்கும் மரத்தை விழுங்கிவிடும். ஆகவே தோட்டம் தெரிந்தாக வேண்டிய 24 எம்எம் ஷாட்டையும் இரண்டு 35 எம்எம் ஷாட்டையும், வானம் தெளிவாக இருக்கும்போதே முதலில் முடித்துவிடுங்கள். 50 எம்எம்மில் பின்னணி எப்படியும் கலங்கல்தான், லேசான பனியில் எடுத்தாலும் பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளும். திண்ணையில் சுவரை ஒட்டி உட்கார்ந்திருக்கும் மகனின் ஷாட்டுகளைக் கடைசியில் எந்தப் பனியிலும் எடுக்கலாம்.

வரிசை மாற்றி எடுக்கும்போது நடிப்பவருக்குத்தான் கஷ்டம். இடிந்து நிற்பதை முதலில் நடித்துவிட்டு, சந்தேகத்தை அப்புறம் நடிக்க வேண்டும். எனவே கேமரா ஓடாமல் காட்சி முழுவதையும் ஒருமுறை தொடக்கத்திலிருந்து நடித்துப் பார்த்துவிட்டு எடுக்கத் தொடங்குங்கள். 24 எம்எம்மின் தூரக் கணக்குக்கும் இந்த ஒத்திகை வேண்டும். 50 எம்எம் நகர்வு முடியும் இடத்தில் கேமராவை நிறுத்தி ஒரு ஃப்ரேம் எடுத்து வைத்துக்கொண்டால், அந்த ஷாட்டைப் பிறகு எடுத்தாலும் முகத்தின் அளவை ஒப்பிட முடியும்.

இன்னொன்று, காலைக் குளிரில் வெளியே இருந்த லென்ஸை அப்படியே அடுப்படிக்குள் கொண்டுபோகாதீர்கள். சூடான ஈரக் காற்று பட்டதும் கண்ணாடியில் நீர் படிந்துவிடும். துடைக்கத் துடைக்க வரும். உள்ளே கொண்டுபோக வேண்டியிருந்தால் பையை மூடியபடியே அரை மணி நேரம் வைத்துவிட்டுத் திறங்கள்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பது

இடத்தைவிட்டுக் கிளம்புவதற்கு முன் நான்கு நிலையிலிருந்தும் ஒவ்வொரு ஃப்ரேமை எடுத்து ஃபோனில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். காட்சியைப் பற்றித் தெரியாத ஒருவரிடம், வண்டி ஓட்டி வந்தவரிடமே கூடக் காட்டி, இந்த அம்மாவுக்கு என்ன ஆச்சு என்று கேளுங்கள். கதையைச் சரியாகச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே ஏதோ நடந்துவிட்டது என்று அவர் சொன்னால் போதும். இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறது என்றால் 24 எம்எம்மைப் போதுமான அளவு கிட்டே வைக்கவில்லை, பின்வாங்கி எடுத்திருக்கிறீர்கள் என்று பொருள். வெளிச்சம் இருக்கும்போதே மறுபடி எடுத்துவிடுங்கள்.

அப்புறம் நெருங்கும் ஷாட்டைச் சத்தமில்லாமல் ஓட்டிப் பாருங்கள். கேமரா நகர ஆரம்பித்தது எந்த நொடி என்று உங்களால் சுலபமாகக் கைவைத்துச் சொல்ல முடிந்தால் தொடக்கம் முரட்டுத்தனமாக இருக்கிறது. முகம் மாறுவதற்கு வெகு முன்பே கேமரா நின்றுவிட்டால் வேகம் அதிகம், அடுத்த டேக்கில் ஐந்து நொடி கூட்டிக்கொள்ளுங்கள். முகம் மாறிய பிறகும் கேமரா நகர்ந்துகொண்டே இருந்தால், படத்தொகுப்பில் ஷாட்டை எங்கே வெட்டினாலும் நகர்வின் நடுவில்தான் வெட்ட வேண்டியிருக்கும். அடுத்து வரும் 24 எம்எம் நிலையாக இருப்பதால் அந்த வெட்டு தடுக்கி விழுந்த மாதிரி இருக்கும், முகத்தின் அளவை அவ்வளவு கணக்குப் போட்டு ஒட்டவைத்ததும் வீணாகிவிடும். அதனால் கேமரா நின்ற பிறகு இரண்டு நொடி சும்மா ஓடவிட்டுத்தான் கட் சொல்ல வேண்டும்.